படத்தில் மருதாணி: விரல் வளைவும் தோல் மடிப்பும்

கேள்வி: டர்பனில் ஃபீனிக்ஸ் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் மருதாணி வைக்க வேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. மணப்பெண் தாம்பூலத் தட்டு ஏந்தி நிற்கும் படத்தில் கைக்கு மருதாணி சேர்த்துத் தரச் சொல்கிறார்கள். Photoshop-இல் டிசைனை மேலே வைத்து Multiply போட்டேன், ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது. Displace போட்டால் கோடெல்லாம் நடுங்குகிறது. விரல் வளைவுக்கும் தோல் மடிப்புக்கும் ஏற்ற மாதிரி எப்படிக் கொண்டுவருவது?

பதில்:

Displace-இடம் அதனால் முடியாத வேலையைக் கேட்டிருக்கிறீர்கள். அது கையின் உருவத்தை அறியாது. நீங்கள் கொடுக்கும் படத்தில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். விரலின் ஒரு பக்கம் ஃபிளாஷ் பட்டு வெளுத்திருந்தால் அந்தப் பக்கக் கோடுகளை ஒரு திசையிலும், நிழல் பக்கக் கோடுகளை எதிர்த் திசையிலும் தள்ளும். விரல் உருண்டையாக இருப்பதற்கும் இந்தத் தள்ளலுக்கும் சம்பந்தமே இல்லை. தோலின் நுண்துளையும் கேமராவின் புள்ளிகளும் சேர்ந்துகொண்டால், நீங்கள் பார்த்த நடுக்கம் வந்துவிடும்.

இதை மூன்று வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விரலின் உருண்டைக்கு Warp. தோல் ஒன்றின் மேல் ஒன்று படியும் ஆழமான மடிப்புக்குக் கத்தரிப்பும் மாஸ்க்கும். மூட்டு மேல் இருக்கும் மெல்லிய ரேகைகளுக்கு மட்டும் Displace, அதுவும் உப்புப் போடுகிற அளவில். வரிசையும் இதுதான். மாற்றிச் செய்தால் முன்பு செய்ததை அடுத்தது கெடுக்கும்.

போன வருடம் நான் செய்த ஒரு படம் கிட்டத்தட்ட உங்களுடையது போலவேதான், அதை வைத்தே சொல்கிறேன். சாட்ஸ்வர்த்தில் கல்யாணம். மணப்பெண்ணின் இரண்டு கையும் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன, புறங்கை கேமராவைப் பார்த்தபடி. விரல்கள் நடு மூட்டில் மடிந்து தட்டுக்கு அடியில் போய்விட்டன. இடது கையில் மோதிரம், இரண்டு மணிக்கட்டிலும் கண்ணாடி வளையல். ஒவ்வொரு விரலும் படத்தில் ஏறக்குறைய 120 பிக்சல் அகலம்.

முதலில் டிசைன். இணையத்தில் கிடைக்கும் முழுக் கை டிசைனை அப்படியே வைக்காதீர்கள். அது ஏற்கனவே வேறு யாருடைய கைக்கோ வளைந்த டிசைன், அதன் மேல் இன்னொரு வளைவை ஏற்றினால் எதிலும் சேராது. அதோடு இன்னொருவர் கைவேலையை எடுத்து விற்பதாகவும் ஆகிவிடும். நான் எங்கள் பக்கத்தில் மருதாணி வைக்கும் ஓர் அக்காவிடம் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் தட்டையாக வரைந்து வாங்கிக்கொள்கிறேன், காசு கொடுத்துத்தான். விரலுக்கு நீளமான பட்டை, புறங்கைக்கு ஒரு பூவும் கொடியும், மணிக்கட்டுக்கு ஒரு காப்புப் பட்டை, எல்லாம் தனித்தனியாக. ஸ்கேன் செய்து வெள்ளையை எடுத்துவிட்டு ஒவ்வொரு துண்டையும் தனி லேயராக்கி, Convert to Smart Object கொடுத்துவிடுங்கள். நாலு தடவை Warp திருத்தினாலும் கோடு மங்காது.

இனி உருண்டை. விரலை ஓர் உருளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். 120 பிக்சல் அகல விரல் என்றால் ஆரம் 60. தோலின் மேல் சம இடைவெளியில், அதாவது 30 பாகைக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால், நடுவிலிருந்து ஓரம் வரை அவை கேமராவுக்குத் தெரியும் இடைவெளி 30, 22, 8 பிக்சல். கடைசி இடைவெளி முதல் இடைவெளியில் நாலில் ஒரு பங்குதான். ஸ்டிக்கர் மாதிரி தெரிவதற்கு முக்கியக் காரணம் இது. நீங்கள் வைத்த டிசைனில் ஓரத்திலும் நடுவிலும் இடைவெளி ஒன்றாகவே இருந்திருக்கும். கண்ணுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் இங்கே ஏதோ தட்டையாக இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடும்.

Edit > Transform > Warp திறந்து, மேல் பட்டையில் இருக்கும் Split பொத்தானால் விரலின் நீளவாக்கில் இரண்டு கோடு சேருங்கள். அந்தக் கோடுகளை வெளிப்பக்கமாக இழுத்தால் நடுப் பகுதி விரிந்து ஓரங்கள் நெருங்கும். டிசைனின் வெளி ஓரம் விரலின் விளிம்போடு நிற்கக் கூடாது, கொஞ்சம் தாண்டிப் போகட்டும், மிச்சத்தை மாஸ்க்கால் மறைக்கலாம். உண்மையான மருதாணி விரலைச் சுற்றிப் பின்பக்கம் போகும். விளிம்புக்கு உள்ளேயே பூ முழுதாக முடிந்தால் தபால்தலை ஒட்டியது போல இருக்கும்.

குறுக்குப் பட்டைகள் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விரலின் நுனி கேமராவை நோக்கி வந்தால் ஒரு பக்கம், விலகிப் போனால் எதிர்ப் பக்கம். யோசித்துக் குழம்ப வேண்டாம், மோதிரத்தைப் பாருங்கள். அது விரலைச் சுற்றும் வட்டம், படத்தில் எந்தப் பக்கம் வளைந்து தெரிகிறதோ, அந்தத் துண்டில் உங்கள் பட்டையும் அப்படித்தான் வளைய வேண்டும். மணிக்கட்டுக்கு வளையல் அதே வழியைக் காட்டும். மோதிரம் இல்லாத கையில் உங்கள் விரலையே அதே கோணத்தில் பிடித்து, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் பாருங்கள். நான் இன்றும் மேசையில் ரப்பர் பேண்ட் வைத்திருக்கிறேன்.

ஒரு விரலுக்கு ஒரே வளைவு போதாது என்பதையும் கவனியுங்கள். எங்கள் படத்தில் முட்டியிலிருந்து நடு மூட்டு வரையுள்ள துண்டு கேமராவை நேராகப் பார்த்தது. அதற்கு அடுத்த துண்டு தட்டுக்கு அடியில் மடங்கிப் போனது. ஆகவே இரண்டாம் துண்டில் டிசைன் நீளவாக்கில் சுருங்க வேண்டும், பட்டைகளின் வளைவும் கூட வேண்டும். நான் மூட்டின் மேல் ஒரு குறுக்கு Split கோடு போட்டு, அதற்குக் கீழே இருந்த பகுதியைப் பாதி நீளத்துக்குக் குறுக்கினேன். மடிந்த விரலின் மேல்பக்கத் தோல் மூட்டில் இழுபட்டிருக்கும், அதனால் மூட்டின் உச்சியில் மட்டும் கோடுகளின் இடைவெளி கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரலில் பேனாவால் மூன்று கோடு போட்டு, நீட்டியும் மடக்கியும் பாருங்கள், எவ்வளவு அகலம் என்பது தெரிந்துவிடும்.

Puppet Warp பற்றிக் கேட்பீர்கள். அது பட்டையை விரலின் போக்குக்கு வளைத்துக் கொடுக்கும், ஆனால் உருண்டையைத் தராது. சுண்டு விரல் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்த விரலுக்கு முதலில் Puppet Warp, அப்புறம் Warp என்று நான் செய்வதுண்டு. மற்றபடி தேவையில்லை. உண்மையைச் சொன்னால், விரல்களுக்கு டேப்லட்டில் கையாலேயே வரைந்துவிடுவதுதான் பல நேரம் சீக்கிரம் முடியும். டிசைனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலின் போக்கிலேயே 5, 6 பிக்சல் பிரஷ்ஷால் இழுத்தால், கோனால் போட்ட கோட்டில் இருக்கும் சின்னத் தடிப்பும் மெலிவும் தானாக வரும்.

அடுத்தது ஆழமான மடிப்பு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தட்டைத் தாங்கும்போது கை பின்னோக்கிச் சாய்கிறது, புறங்கையும் மணிக்கட்டும் சேரும் இடத்தில் தோல் குவிந்து ஒன்றிரண்டு மடிப்பு விழுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள சவ்விலும் அப்படித்தான். அந்த மடிப்புக்குள் கொஞ்சம் தோல் மறைந்திருக்கிறது. கை நேராக இருந்தபோது வைத்த மருதாணியின் ஒரு துண்டும் அதோடு உள்ளே போய்விடும். அதனால் மடிப்பின் ஒரு பக்கத்தில் வந்து முட்டும் கொடி, மறுபக்கத்தில் அதே புள்ளியிலிருந்து தொடராது, கொஞ்சம் தள்ளித்தான் தொடரும். சேலையில் கொசுவம் வைத்தால் பூ பாதி மறைந்து அடுத்த மடிப்பில் வேறு இடத்தில் தலைகாட்டுமே, அதேதான்.

எந்த ஃபில்டரும் இதைச் செய்யாது. அவை எல்லாம் கோட்டை நகர்த்தும், விழுங்காது. மணிக்கட்டுத் துண்டை Warp செய்து முடித்ததும் அதை நகலெடுத்தேன். ஒரு நகலுக்கு மடிப்பின் மேல்பக்கம் மட்டும் தெரியும்படி மாஸ்க், மற்றதற்குக் கீழ்ப்பக்கம் மட்டும். பிறகு மாஸ்க் கூடவே நகராதபடி அதன் இணைப்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, கீழ் நகலின் டிசைனை மட்டும் மடிப்பை நோக்கி 10 பிக்சல் தள்ளினேன். அந்தப் பத்துப் பிக்சல் டிசைன் மடிப்புக்குள் போய்விட்டது. எந்தப் பக்கத் தோல் மேலே படிந்திருக்கிறதோ அந்தப் பக்க மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இருக்கட்டும், அடியில் போகும் பக்கத்துக்கு ஒரு பிக்சல் அளவு மென்மை. படத்தில் மடிப்பின் நிழல் ஏற்கனவே இருக்கிறது, Multiply அதைத் தானாகக் காட்டும், நீங்கள் தனியாக நிழல் வரைய வேண்டாம்.

இப்போதுதான் Displace. வளைத்து வெட்டி முடித்த துண்டுகளை ஒரு குழுவாக்கி, குழுவை நகலெடுத்து, நகலை Ctrl+E கொடுத்து ஒரே சாதா லேயராக்குங்கள். மூலக் குழு கண் மூடியபடி அடியில் இருக்கட்டும். Displace-க்குக் கொடுக்கும் மேப்பை உருவாக்க, படத்தின் Green சேனலை மட்டும் புதிய Grayscale கோப்பில் எடுங்கள். Red சேனலில் தோல் மொழுக்கென்று இருக்கும், ரேகை தெரியாது. Blue சேனலில் ரேகை நன்றாகத் தெரியும், கூடவே புள்ளிகளும் தெரியும். நம் கல்யாணங்களில் இன்னொரு வம்பு உண்டு. முந்தின நாள் நலங்கில் பூசிய மஞ்சள் நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் நீல ஒளியை விழுங்குவதால் Blue சேனலில் அந்த இடங்கள் கறுப்புத் திட்டாக நிற்கும், Displace அதைப் பள்ளம் என்று நினைத்துக் கோட்டைத் தள்ளும். Green-இல் அந்தத் தொல்லை குறைவு.

அந்தக் கோப்புக்கு Filter > Other > High Pass, ஆரம் 10. நடுக்கத்துக்கு மருந்தே இதுதான். Displace-க்கு 128 என்ற சாம்பல் என்றால் நகராதே என்று அர்த்தம். அதைவிட இருட்டு ஒரு திசை, வெளிச்சம் எதிர்த் திசை. High Pass போட்டதும் விரலின் பெரிய வெளிச்ச நிழல் எல்லாம் கரைந்து 128-க்குப் பக்கத்தில் வந்துவிடும், ரேகைகள் மட்டும் இருண்ட இழைகளாக நிற்கும். பிறகு Gaussian Blur 1.5 போட்டால் நுண்துளை அடங்கும். மோதிரம், வளையல், நகம், தட்டின் விளிம்பு ஆகியவற்றின் மேல் 128 சாம்பலைப் பிரஷ்ஷால் பூசிவிட்டு, PSD ஆகச் சேமியுங்கள். மேப்பின் நீள அகலம் படத்தின் அளவேதான் இருக்க வேண்டும், நடுவில் கிராப் செய்யாதீர்கள்.

மருதாணி லேயரில் Ctrl+A கொடுத்து Filter > Distort > Displace. அளவு 100 என்று வைத்தால் அதிகபட்சம் 128 பிக்சல் தள்ளும். நான் வைத்தது 6, அதாவது அதிகபட்சம் 8 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. மேப்பில் என் ரேகைகள் 90 அளவில் இருந்தன, கணக்குப் போட்டால் கோடு இரண்டு பிக்சல் சொச்சம் நகரும். அவ்வளவுதான் வேண்டும். விரல் படத்தில் நிமிர்ந்திருந்தால் ரேகைகள் குறுக்கே ஓடும், அவற்றைக் கடக்கும் நெட்டுக்கோடு பக்கவாட்டில் அசைந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் Horizontal 6, Vertical 0. விரல் படுத்திருந்தால் மாற்றிப் போடுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் எல்லாம் மூலைவாட்டில் நகர்ந்து மறுபடியும் நடுக்கம் மாதிரி தெரியும். இடது கை ஒரு சாய்வு, வலது கை வேறு சாய்வு என்றால் இரண்டையும் தனி லேயராக வைத்துத் தனியாகப் போடுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். கறுப்பு மையை அப்படியே Multiply செய்தால் பேனாவால் கிறுக்கியது போல இருக்கும். மருதாணி தோலின் மேல் நிற்கும் மை இல்லை, தோலின் மேலடுக்குக்குள் ஊறிய சாயம். முதல் நாள் ஆரஞ்சு, ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகக் கறுக்கும். உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் தோல் தடிப்பாக இருப்பதால் அங்கே அடர்த்தி, புறங்கையில் எப்போதும் ஒரு படி வெளிர். நான் லேயரின் நிறத்தை 150, 70, 35 என்று வைத்து, Multiply-இல் Opacity 75 கொடுத்தேன். 198, 150, 115 என்ற அந்தப் பெண்ணின் தோல் மேல் அது 137, 68, 41 ஆக வந்தது. இரண்டு நாள் ஆன மருதாணியின் நிறம் அது. விரல்நுனிக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தி, மணிக்கட்டுப் பக்கம் போகப் போகக் குறைத்தேன், பெரிய மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கில். மேடையில் ஊதா விளக்குப் போடும் மண்டபமாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது, அதே படத்தில் யார் கையிலாவது உண்மை மருதாணி இருந்தால் அதைப் பார்த்து நிறம் பிடியுங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கையில் எப்படியும் இருக்கும்.

சாயம் உள்ளே ஊறியது என்பதால் தோலின் பளபளப்பு அதன் மேல்தான் விழும். Multiply பளபளப்பையும் சேர்த்து இருட்டாக்கிவிடுகிறது, முட்டி மேல் விழுந்த ஃபிளாஷ் பொட்டு செத்துப்போகிறது. லேயரை இருமுறை கிளிக் செய்து Blend If பகுதியில் Underlying Layer வெள்ளை முக்கோணத்தை Alt பிடித்து இரண்டாகப் பிளந்து, ஒன்றை 205-லும் மற்றதை 245-லும் நிறுத்தினேன். மிக வெளிச்சமான இடங்களில் டிசைன் மெதுவாக மங்கி, ஈரத் தோல் போன்ற மினுக்கு திரும்பி வந்தது. எண் உங்கள் படத்துக்கு மாறும், மினுக்கு வரும்வரை இழுங்கள், பூவில் ஓட்டை விழுவதற்கு முன் நிறுத்துங்கள்.

கோட்டின் கூர்மையும் படத்தின் கூர்மையோடு சேர வேண்டும். எங்கள் படத்தில் வலது கை ஃபோகஸில் இருந்தது, இடது கை லேசாகப் பின்னால். வலதுக்கு Gaussian Blur 0.6, இடதுக்கு 1.8. இதை மறந்தால் இடது கை மருதாணி மட்டும் காற்றில் மிதக்கும். வளையலுக்கு அடியில் டிசைன் தொடர்ந்து போகட்டும், வளையலை மட்டும் மாஸ்க்கால் வெட்டி எடுங்கள். வளையலின் நிழல் மருதாணி மேல் விழுந்தால் அது ஒட்டிக்கொண்டது என்று கண் நம்பும். நகத்தின் மேல் ஒரு கோடுகூட வரக் கூடாது.

முடிந்ததா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படத்தின் லேயரை மறைத்து, வெறும் சாம்பல் பின்னணியில் டிசைனை மட்டும் Normal-இல் காட்டுங்கள். கை இல்லாமலேயே அந்தக் கோடுகளிலிருந்து விரல் உருண்டையாக, மூட்டு மடிந்து, மணிக்கட்டு திரும்பியிருப்பது தெரிந்தால் Warp சரி. தட்டையான சரிகைத் துணி போலத் தெரிந்தால் Multiply-யும் நிழலும் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன, திரும்ப முதல் வேலைக்குப் போங்கள். நான் அந்தப் படத்தில் இடது மோதிர விரலை இப்படித்தான் பிடித்தேன். மோதிரம் கீழ்நோக்கி வளைந்திருக்க, என் பட்டைகள் மேல்நோக்கி வளைந்து கிடந்தன. மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் கண்ணில் படவில்லை.

கடைசியாக, எத்தனை படத்துக்கு ஒப்புக்கொள்வது என்பது. இரண்டு கை தெளிவாகத் தெரியும் ஒரு படத்துக்கு எனக்கு அரை நாள் ஆனது. ஆல்பத்தில் ஒரு படத்தில் மருதாணி இருந்து, அடுத்த பக்கத்தில் தாலி கட்டும் படத்தில் வெறுங்கை என்றால் சொந்தக்காரர்கள் அங்கேயே கேட்பார்கள். அதனால் கை பெரிதாகத் தெரியும் நாலைந்து படத்தை வீட்டாரோடு உட்கார்ந்து முதலிலேயே தேர்ந்தெடுங்கள், மற்றவற்றில் கை தெரியாத படங்களை ஆல்பத்துக்கு எடுங்கள். தூரத்துப் படங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம், விரல்நுனிக்கும் புறங்கைக்கும் மங்கலான செம்பழுப்புத் தீற்றல் போதும். டிசைன் துண்டுகளை அதே வரிசையில் எல்லாப் படத்திலும் பயன்படுத்துங்கள், இடது கைப் பூ வலது கைக்குத் தாவிவிடக் கூடாது. லோட் ஷெடிங் காலத்தில் ஒரு முழு மாலை வேலையைப் பறிகொடுத்தவன் என்பதால் இன்னொன்று: ஒவ்வொரு விரல் முடிந்ததும் Ctrl+S.